ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவில் இன்சுலின்

இந்தக் காலத்தில் யாரும் நேரில் வந்து எதையும் பார்ப்பதில்லை. எதற்கெடுத்தாலும் போட்டோ அனுப்பு என்கிறார்கள். என் மகள் பிரேமலதாவும் அப்படித்தான். செம்பூரில் மெடிக்கல் ஸ்டோரில் வேலை. தாராவிக்கு வர நேரமில்லை, போட்டோ பார்க்க மட்டும் நேரமிருக்கிறது.

என் வீட்டுக்காரி பேராச்சிக்குக் கால் விரலில் புண். இன்சுலின் ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து டப்பாவை நாலு பக்கமும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

போன் வந்தது.

"யப்பா, தேதி இன்னும் முடியல. டப்பாவுல நாப்பதுன்னு போட்டிருக்கு. சிரிஞ்சுல என்ன போட்டிருக்கு?"

"நாப்பதுதான். செவப்பு மூடி."

"அப்ப அளவுல தப்பில்ல. தெர்மாமீட்டர் படத்துக்கிட்ட ரெண்டு, எட்டுன்னு இருக்கா? அந்தக் குளிர்லதான் வைக்கணும். பக்கத்துல பனி மாதிரி ஒரு படம், குறுக்க கோடு. அப்படின்னா உறையவே கூடாது. மருந்து எங்க இருக்கு?"

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. டப்பா வீட்டில் கிடக்கும். மருந்துக் குப்பி, கூல்டிரிங்ஸ் கடை சுடலைக்கண்ணனிடம். எங்கள் ஊர்க்காரன். காலையில் நான் போகும்போது குப்பியை மேசைமேல் எடுத்து வைத்திருப்பான். குளிர் கொஞ்சம் விடட்டும் என்று முன்னாலேயே எடுத்தேன் என்பான். தங்கமான பையன் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். ஃப்ரிட்ஜ் தட்டெல்லாம் சோடா, ஜூஸ் பாட்டில்.

"குப்பி எங்கடே?"

நானே மேலே இருந்த ஐஸ் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் குப்பி கல்லாகக் கிடந்தது.

"இன்னைக்கு ஒரு நாதான் அண்ணாச்சி. வெயில்ல ஏவாரம் சாஸ்தி, தட்டுல எடமில்ல."

"ஒரு நாளா? அப்ப தெனமும் வெளிய எடுத்து வச்சது எதுக்கு?"

"கட்டியாருந்தா பயந்துருவியன்னுதான். உருகிட்டா மருந்து மருந்துதானேன்னு நெனச்சேன். டப்பாவ நீங்க எங்கிட்ட காட்டவேயில்லியே, எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதவன் எதுக்குலே மறைக்கணும்?"

குப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மகள் கத்தினாள். "ஒரு தடவ உறைஞ்சா அவ்வளவுதான்ப்பா, உருகினாலும் வேலை செய்யாது! இனி அத அம்மைக்குப் போடாதீங்க. புதுசு எடுத்துக்கிட்டு நானே வாறேன். டாக்டர்கிட்டயும் சொல்லணும்."

சுடலைக்கண்ணன் அவசர அவசரமாக ஒரு தட்டிலிருந்த பாட்டில்களை இறக்கினான். "இனிமே இந்தத் தட்டு மதினிக்கு மட்டுந்தான், அண்ணாச்சி. சத்தியமா தெரியாம செஞ்சது."

தெரியாமல் செய்தவன் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து மருந்தை உருக்கி வைப்பானா? பேராச்சி விரலைவிட சோடாவுக்கு இடம் பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு. சத்தியத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று நடந்தேன். பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.