முப்பத்தொன்றாம் டோக்கன்

கிளினிக்கில் எனக்கு இரண்டு பெயர். எதிரில் 'சிஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'கறார்'. இரண்டாவது பெயர் என் காதில் விழாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விழும். விழுந்தால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

வாசலுக்கு நேரே என் மேஜை. வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்டு, வந்த நேரத்தைச் சீட்டில் எழுதி, டோக்கன் கொடுப்பது என் வேலை. வரிசைப்படிதான் உள்ளே போகவேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், இப்படி வந்தால் மட்டும் வரிசை கிடையாது, நேரே உள்ளே. யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது நான். பதினாறு வருடத்தில் பெரிதாகத் தப்பியதில்லை.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் மட்டும் நான் ஒருமுறை சூடு பட்டவள். நான்கு வருடத்துக்கு முன்னால் என் நாத்தனாருக்குக் காய்ச்சல் என்று இரண்டு டோக்கன் முன்னால் விட்டேன். காத்திருந்த ஒரு பெரியவர், "இது என்ன உங்க வீட்டு அடுப்படியா, வேணுங்கிறவங்களுக்கு முதல்ல பரிமாற?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். ஒருவர் கூட என் பக்கம் பேசவில்லை. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். என் வீட்டு ஆட்கள் யார் வந்தாலும் வந்த நேரத்துக்கு வரும் டோக்கன்தான், ஒரு நிமிஷம் முன்னால் கிடையாது. அதை நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒரு நகை மாதிரி ஆகிவிட்டது.

அக்கா வந்தது எனக்காகத்தான். வீடு மாற்றிக்கொண்டிருந்தேன். சாமான்களைக் கட்ட ஆள் இல்லை என்று போனில் புலம்பினேன். மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். பதினேழு மணி நேரம், ஜன்னல் சீட்டு. பக்கத்து சீட்டில் ஒரு அம்மா தூங்கிக்கொண்டே வந்தாளாம். அவளை எழுப்பித் தாண்டிப் போவதற்கு சங்கடப்பட்டு இவள் எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. இறங்க முடியாதே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. வந்து இறங்கியதும் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும், "உனக்கு வாய் இருக்கிறதே சாப்பிட மட்டும்தான்"னு கிண்டல் பண்ணினேன்.

இரண்டு நாள் பெட்டி கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் இடது கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள்.

"பஸ்ல மடக்கி உட்கார்ந்து வந்தே இல்ல, சதை பிடிச்சிருக்கும். மதியத்துக்குள்ள விட்டுடும்," என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்ணால் பார்த்தேனா என்றால், இல்லை. மறுநாள் காலைத் தரையில் ஊன்றினால் வலிக்கிறது என்றாள். "சரி, கிளினிக்குக்கு வா, டாக்டரம்மா பார்க்கட்டும்" என்றேன்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தாள். ஹாலில் ஏற்கெனவே நல்ல கூட்டம். மற்றவர்களிடம் கேட்பது போல அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எல்லாம்தான் தெரியுமே. சீட்டில் 'கால் வலி' என்று எழுதினேன், நேரத்தை எழுதினேன், முப்பத்தொன்றாம் நம்பரைக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைப் பையனின் அம்மா, "உங்க அக்காவா சிஸ்டர்? அவங்களுக்கும் டோக்கனா?" என்று ஆச்சரியப்பட்டாள். "எல்லாருக்கும் டோக்கன்தான்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரலில் இருந்த மிடுக்கை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

என் முதுகுப்பக்கச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உடனே உள்ளே அனுப்ப வேண்டியவர்கள் யார் யார் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதில் ஆறாவது வரி: ஒரு கால் மட்டும் வீக்கம், வலி, சமீபத்தில் நீண்ட பயணம், ஆபரேஷன், அல்லது படுத்த படுக்கை. வேறு யாராவது ஒரு பெண் நொண்டிக்கொண்டு வந்திருந்தால், "ஒரு காலா, ரெண்டு காலா? எங்கயாவது தூரமா போய் வந்தீங்களா? என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று மூன்று கேள்வியில் பிடித்திருப்பேன். முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்தக் கேள்விகள் வாயில் வரும். அக்காவைப் பார்த்தால் அக்காதான் தெரிந்தாள்.

அவள் மூலை பெஞ்சில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்து வாடி வந்தது, அதை நேரே உள்ளே விட்டேன். ஆஸ்துமாக்காரர் ஒருவரையும் விட்டேன். பத்தரை வாக்கில் அக்கா இடது செருப்பின் வாரை அவிழ்த்து விட்டிருந்ததைப் பார்த்தேன். பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் கைவைத்து நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, "இருபத்திரண்டு" என்று கூப்பிட்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு அவள் முறை வந்தது. கூடவே நானும் உள்ளே போனேன்.

டாக்டரம்மா முதலில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அப்போதுதான் நான் பார்த்தேன். இடது கெண்டைக்கால் தோல் இறுகி, பளபளவென்று, லேசாகச் சிவந்து இருந்தது. டாக்டரம்மா புறங்கையால் தொட்டார். சூடு. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. முழங்காலுக்குக் கீழே ஒரே அளவு இறக்கி, இரண்டு காலிலும் டேப் வைத்து அளந்தார். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். "ரெண்டு மாசமா சாப்பிடறேன் டாக்டர். மாசாமாசம் ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருந்தது. அதுக்கு ஒரு ஹார்மோன் மாத்திரை. இவகிட்ட சொல்லல. சொன்னா கவலைப்படுவா."

டாக்டரம்மா அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். நாடி நூற்றுப் பதினெட்டு. ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று.

"மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம். மூச்சை இழுத்தா இந்தப் பக்கம் குத்துது. காலைல இல்ல. பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது பதினோரு மணி வாக்குல ஆரம்பிச்சது. உள்ள வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இவ வேலையா இருந்தா."

டாக்டரம்மா ஆக்சிஜனை வைக்கச் சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "சிஸ்டர், நடக்கும்போது கெண்டைச்சதைதான் ரத்தத்தை மேல தள்ளிவிடும். மணிக்கணக்கா அசையாம இருந்தா அது தேங்கும். இந்த மாத்திரையும் சேர்ந்தா ரத்தம் உறையறதுக்கு இன்னும் தோதாயிடும். சதைப்பிடிப்புன்னா ஒரு கால் மட்டும் இப்படி வீங்கிக் குழி விழாது. ஆழத்துல இருக்கிற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா இருக்குன்னு சந்தேகப்படறேன். ஸ்கேன் பண்ணாம உறுதியா சொல்ல முடியாது. ஆனா மூச்சைப் பார்த்தா அதுல ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கும்னு பயமா இருக்கு. ஆம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் அவங்களை எழுந்து நடக்க விடாதீங்க."

பிறகு சீட்டைக் கையில் எடுத்தார். 9.05 என்று என் கையெழுத்தில் இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும் போகாததுமாக ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். காலில் ஸ்கேன் செய்தவர் கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். நல்ல ரத்தக்குழாய் அழுத்தினால் தட்டையாகிவிடும், இது ஆகவில்லை. முழங்காலுக்கு மேல் வரை கட்டி. மார்பு ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் துண்டுகள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா போய்விட்டால் நான் யாரிடம் போய் என்னவென்று சொல்வேன் என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவுமே ஓடவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர், மாமா, ஊரிலிருந்து ஓடிவந்தார். என்மேல் பாய்வார் என்று காத்திருந்தேன். மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நர்ஸு. உன் வீட்டுக்குத்தானே போறான்னு நான் ஒரு கவலையும் இல்லாம அனுப்பினேன்மா. நல்லவேளை நீ பக்கத்துல இருந்தே" என்றார். அக்கா நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அங்கிருந்த நுரையீரல் டாக்டரிடம் மட்டும் தனியாகக் கேட்டேன். "மூணு மணி நேரம் முன்னாடி ஊசி போட்டிருந்தா இது நடந்திருக்காதா டாக்டர்?" அவர் நேர்மையான ஆள். "நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் அவர் கொடுத்த பதிலோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

அக்கா பிழைத்தாள். அந்த ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், பிறகு பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். இப்போதைக்கு நீண்ட பயணம் வேண்டாம் என்பதால் என் புது வீட்டிலேயே இருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். நான் ஓடிப்போனால், "ஒண்ணும் இல்லடி, படி ஜாஸ்தி" என்கிறாள். மொத்தமே பதினொரு படி.

மூன்று மாதம் முடிந்து, போன வாரம் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. முதல் நாளே டாக்டரம்மாவிடம் பேசி வைத்துவிட்டேன். காலையில் அக்காவிடம் போய், "கிளம்புக்கா. இன்னைக்கு நீதான் முதல் ஆள். யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கறேன்" என்றேன். நான்கு வருஷ வீம்பை ஒரே வாக்கியத்தில் உடைத்துப் போட்டதாக எனக்கு நினைப்பு.

அக்கா ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு, ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். எதிர்த் தெருவில் இருக்கிற இன்னொரு கிளினிக்குக்குப் போகப்போகிறேன் என்றாள்.

"அங்க யாரைத் தெரியும் உனக்கு?" என்றேன்.

"யாரையும் தெரியாது," என்றாள். கோபமாக இல்லை, குத்தலாகவும் இல்லை. ஆட்டோ எவ்வளவு கேட்பான் என்று சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதான் போறேன். தெரியாதவங்கன்னா என்ன ஏதுன்னு கேப்பாங்கல்ல."