எந்த வரி, அக்கா?

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிந்துகொள்ள ஐஎல்ட்ஸ் தேர்வின் வாசிப்புப் பகுதியில் ஏழு வேண்டும். நான் எடுத்தது ஆறு. பேச்சு, எழுத்து, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டேன். வாய் நன்றாக வேலை செய்கிறது, காதும் கையும் பரவாயில்லை, கண்தான் சரியில்லை என்று என் கணவர் குகன் சொன்னார். அவருக்கு அது நகைச்சுவை.

எனக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடமாக டாக்டர்களின் கையெழுத்தையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஐஎல்ட்ஸ் வாசிப்பு வேறு ரகம். மூன்று நீண்ட கட்டுரைகள், நாற்பது கேள்விகள், ஒரே ஒரு மணி நேரம். முதல் கட்டுரையில் நான் இருந்தேன். இரண்டாவதில் பாதி இருந்தேன். மூன்றாவதில் கண் மட்டும் வரிமேல் ஓடிக்கொண்டிருந்தது, நான் வார்டுக்குப் போய் ஆறாம் கட்டிலுக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் வகுப்பு எடுக்கும் விஷ்ணுப்ரியாவிடம் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். கீழேயிருந்து மீன்குழம்பு வாசனை வரும், அவள் அசையமாட்டாள்.

"அக்கா, உங்களுக்கு வார்த்தை தெரியாம இல்ல. மூச்சு பத்தல. டெய்லி ஒரு எடிட்டோரியல் படிங்க. பேப்பர்லதான், போன்ல வேணாம். போன்ல வாட்ஸ்அப் வந்துரும்."

முறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. முதல் தடவை நிறுத்தாமல், அகராதியைத் தொடாமல், பின்னால் திரும்பாமல் கடைசி வரை போக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும்: இங்கே குற்றம் சொல்கிறார், இங்கே காரணம் காட்டுகிறார், இங்கே மறுதரப்பை ஒப்புக்கொள்கிறார், இங்கே கோரிக்கை வைக்கிறார். தெரியாத வார்த்தையை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கலாம். ஒன்று பழகியதும் இரண்டு, இரண்டு பழகியதும் இடைவெளியே இல்லாமல் மூன்று. அதன் பிறகுதான் பரீட்சைக் கட்டுரைகள்.

"தலையங்கம் சின்னதுதான். ஆனா வாதம் இருக்கும். வாதத்தோட கடைசி வரைக்கும் நடக்கணும், அவ்ளோதான்," என்றாள்.

குகன் போர்ட் கிள்ளானில் இரவு லோரி ஓட்டுபவர். நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் இல்லறம் பெரும்பாலும் வாசலில்தான் நடக்கிறது. அவர் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் தேவையான அளவு பேசி முடித்துவிட்டார்கள்.

"வரும்போது பேப்பர் வாங்கிட்டு வாங்க. தினமும் தலையங்கம் படிக்கணும்," என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் வாசலில் என் காலைச் சாப்பாடான நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு பேப்பரையும் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கிள்ளானில் ரயிலேறி, உட்கார இடம் பிடித்து, பெருமையாகப் பிரித்தால் தமிழ்ப் பேப்பர்.

எனக்கு வந்த கோபத்தைப் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண்ணே உணர்ந்திருப்பாள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்த மனுஷனுக்கு நான் போவது பிடிக்கவில்லை. வாய் திறந்து சொல்லத் துப்பில்லாமல் இப்படிக் குழி பறிக்கிறார் என்று முடிவுகட்டினேன். தேர்வுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்தே ஆள் பேசுவது குறைந்திருந்தது. எல்லாம் சரியாகப் பொருந்தியது.

வேறு வழியில்லை, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் சும்மா இருக்க முடியாது. தமிழ்த் தலையங்கத்தையே எடுத்தேன். தண்ணீர்த் தடையைப் பற்றியது. முதல் பத்தி நன்றாக இருந்தது. இரண்டாவதில் எழுதியவருக்கு என்னைப் போலவே கோபம் வந்தது, பிடித்தது. மூன்றாவது பத்தியில் ஷா ஆலம் வந்துவிட்டது, நான் எங்கள் குளியலறை வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கண் மட்டும் கடைசிப் பத்தியில் நின்றது. என்ன படித்தேன் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

தாய்மொழியில். தண்ணீர்த் தடையைப் பற்றி. அதுவும் அடிக்கடி குழாய் வறளும் கிள்ளானில் குடியிருப்பவள்.

அன்றுதான் எனக்கு உறைத்தது, கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. எந்த மொழியில் கொடுத்தாலும் நான் மூன்றாவது பத்தியில் இறங்கிப் போய்விடுகிற ஆள்.

மறுநாள் காலை வாசலில் சண்டை.

"எடிட்டோரியல் கேட்டா தமிழ்ப் பேப்பர் வாங்கிட்டு வர்றீங்க. வேணும்னேதானே?"

"நீதானே தலையங்கம்னு சொன்னே? தலையங்கம் தமிழ்ப் பேப்பர்லதானே இருக்கும். இங்கிலீஷ் பேப்பர்ல எடிட்டோரியல்லா இருக்கும்."

இதற்குப் பதில் சொல்ல நின்றால் ரயில் போய்விடும். ஓடினேன்.

அதற்கு மறுநாளிலிருந்து இரண்டு பேப்பரும் வந்தன. விஷ்ணுப்ரியாவிடம் சொன்னபோது நல்லதாகப் போயிற்று என்றாள். கொஞ்ச நாளைக்குத் தமிழில் கடைசி வரை போகப் பழகி, உடனே ஆங்கிலத்துக்கு மாறச் சொன்னாள். மனம் நழுவும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொன்னாள். ஆரம்பத்தில் பேப்பரின் ஓரமெல்லாம் வேலி அடைத்தது போலக் கோடுகள். போகப் போகக் கோடு கீழே இறங்கியது. ஒருநாள் கோடே போடாமல் பந்தாய் டாலாம் ஸ்டேஷனைத் தாண்டினேன். கேஎல் சென்ட்ரலில் இறங்கியபோது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

நான் படித்துவிட்டு வீட்டில் போடும் முந்தின நாள் தமிழ்ப் பேப்பரைக் குகன் படிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நான் வரும்போது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், அப்போது தலையங்கம் சொல்வார். அவர் சொல்லும் தலையங்கத்தில் பாதி லோரிக்காரர்களின் பிரச்சினையாக இருக்கும். பேப்பரைப் புரட்டிப் பார்த்தால் லோரி என்ற வார்த்தையே இருக்காது.

சிரித்தேன். அந்தச் சனிக்கிழமையே நானும் அதையே செய்து மாட்டிக்கொண்டேன்.

மூச்சு வந்துவிட்டது, இனி கேள்விகள் என்று விஷ்ணுப்ரியா ஒரு தலையங்கத்துக்குச் சில கூற்றுகள் எழுதி வைத்திருந்தாள். எழுதியவரின் கருத்தோடு ஒத்துப்போனால் யெஸ், முரண்பட்டால் நோ, அதைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை என்றால் நாட் கிவன். தலையங்கம் மருத்துவமனைகளில் கூட்ட நெரிசலைப் பற்றியது. 'நர்ஸ்களுக்குச் சம்பளம் உயர வேண்டும் என்று எழுதியவர் நினைக்கிறார்' என்று ஒரு கூற்று. நான் யெஸ் போட்டு, கீழே கோடும் இழுத்தேன்.

"எந்த வரி, அக்கா?"

தேடினேன். ஆள் பற்றாக்குறை இருந்தது. கட்டில் பற்றாக்குறை இருந்தது. சம்பளம் இல்லை.

"ஆனா அதான்லா உண்மை!"

"உண்மைதான் அக்கா. அவர் சொல்லலையே."

"சொல்லாட்டி என்ன? அவர் மனசுல அதானே இருக்கும்."

"அவர் மனசுக்குள்ள இருக்கறதுக்கு மார்க் இல்ல அக்கா. பேப்பர்ல இருக்கறதுக்குத்தான்."

முன்பு மனம் நழுவியபோது நான் கட்டுரையை விட்டு வெளியே போனேன். இப்போது உள்ளேயே உட்கார்ந்துகொண்டு எழுதியவரின் வாயில் என் வார்த்தையைத் திணிக்கிறேன். முதலாவதைவிட இது மோசம், ஏனென்றால் இதைச் செய்யும்போது புத்திசாலி போலவே இருக்கிறது.

வகுப்பு முடிந்து நாங்கள் கீழே டீ குடித்தோம். ஏன் இப்படி அவசரப்படுகிறீர்கள் என்று கேட்டாள். எரிச்சலில் கொட்டிவிட்டேன். "ஒரே தடவையில பாஸ் பண்ணி முடிக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு நான் போறது புடிக்கல. இழுத்துக்கிட்டே போனா அப்படியே நிப்பாட்டிருவாரு."

"எந்த வரி, அக்கா?" என்றாள். பழக்கதோஷம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், மன்னிக்க ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. வீடு திரும்பும் ரயிலில் பேப்பரைத் திறக்கவே இல்லை. அவர் பேசிய ஒவ்வொரு வரியையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். போகாதே என்ற வரி எங்கும் இல்லை. போ என்ற வரியும் இல்லை. அவரிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. யெஸ்ஸோ நோவோ வந்துவிட்டால் அதற்குமேல் நான் கோபப்பட முடியாது.

கேட்காமலேயே தேர்வுக்குப் போனேன்.

மூன்றாவது கட்டுரை இரவு வேலை செய்பவர்களின் தூக்கத்தைப் பற்றியது. எனக்கே வைத்த மாதிரி இருந்தது. இரவு வேலைக்காரர்கள் விடுமுறையில் தூங்கினாலும் இழந்த தூக்கத்தை ஈடுகட்ட முடியாது என்று ஒரு கூற்று. முடியாது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் குகன் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பதைப் பார்ப்பவள் நான். கை யெஸ்ஸை நோக்கிப் போனது. எந்த வரி, அக்கா? திரும்பப் போய்த் தேடினேன். விடுமுறையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. மனமில்லாமல்தான் நாட் கிவனை அழுத்தினேன். கடைசிக் கேள்வி வரை வார்டு ஞாபகம் வரவில்லை.

ஏழு வந்தது. ஏழரை இல்லை, எட்டு இல்லை, சரியாக ஏழு.

மறுநாள் காலை வாசலில், அவர் செருப்பைக் கழற்றும்போது சொன்னேன். "ஏழு வந்துருச்சு."

"ம்," என்றார். நாசி லெமாக்கைக் கொடுத்தார். இரண்டு பேப்பரையும் கொடுத்தார்.

ம் என்பதில் எல்லாம் இருந்தது. அதாவது என் கணக்கில் எல்லாம் இருந்தது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, செருப்பை மாட்டாமல் நின்றேன்.

"நான் போறது உங்களுக்குப் புடிக்கலயா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "புடிக்கல."

அப்பாடா என்றிருந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப போக வேணாமா?"

"அப்படி நான் சொன்னனா? நீ போகணும். எனக்குப் புடிக்கல. ரெண்டும்தான்." செருப்பை ஓரமாகத் தள்ளினார். "காலையில கதவத் தொறந்தா நீ இருக்க மாட்ட. அத நெனச்சாத்தான் பேச்சு வர மாட்டேங்குது."

இத்தனை மாதமாக நான் வாசிக்காமலே விடை எழுதிக்கொண்டிருந்த மனிதர் இவர். கையைப் பிடித்துக்கொண்டேன், நாசி லெமாக் நடுவில் நசுங்கியது. ரயில் போயே போயிருக்கும்.

அவர் தமிழ்ப் பேப்பரை என் கையிலிருந்து உருவினார். "மூணு தலையங்கம் சேர்ந்தாப்புல படிக்கிறேன் இப்ப. லோரிய நிறுத்தி வரிசையில நிக்கும்போது." பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அங்க லோரி ஓட்டுறவனுக்கும் இந்தப் பரீட்ச இருக்கா?"

இருக்கும் என்று வாய் வரை வந்தது. இருக்காது என்றும் வந்தது.

"தெரியலங்க," என்றேன். "எங்க எழுதியிருக்குன்னு தேடிப் பாத்துட்டு சொல்றேன்."