விட்டுப்போன புள்ளி

ஆவுடைநாயகம் பிள்ளை கேள்வித்தாள் தயாரித்தால் அதில் ஒரு கமாகூடத் தப்பாக விழாது என்று கணித ஆசிரியர்கள் மத்தியில் பேர். அப்பேர்ப்பட்ட தலைமைத் தேர்வாளரிடம் போய், கேள்வியே தப்பு என்று எப்படிச் சொல்வது? தென்காசியில் ரயிலை விட்டிறங்கிக் குற்றாலத்துக்கு ஜட்கா பிடித்த சிவசைலம் வழியெல்லாம் அதற்கான வார்த்தைகளைத் தேடிக்கொண்டே போனார். ஆனர்ஸ் விடைத்தாள் திருத்த அவரைச் சேர்த்துவிட்டதே பிள்ளைதான். ஆனால் பையில் இருந்த விடைத்தாளுக்குரியவன், பேர் தெரியாத வெறும் நம்பர், இந்தக் கேள்வியில் மார்க் போனால் முதல் வகுப்பை இழப்பான்.

சாரலுக்கு முன்பே வந்து வாடகை வீட்டில் தங்கியிருந்த பிள்ளை, கேள்வியை உரக்க வாசித்தார். x பூஜ்யமல்லாதபோது f(x) = x sin(1/x); f(0) = 1. பூஜ்யத்தில் இது தொடர்ச்சி உடையது என நிறுவுக.

“எப்சிலானுக்குச் சமமா டெல்டாவை எடுத்தா, f(x) பூஜ்யத்துல இருந்து எப்சிலானுக்குள்ள அடங்குது. இதுல என்ன வே சந்தேகம்?”

“அது லிமிட் பூஜ்யம்னுதான் காட்டுது, அண்ணாச்சி. லிமிட்டுக்குச் சுத்தி உள்ள x போதும், அந்தப் புள்ளியில என்ன மதிப்புன்னு அது கேக்காது. தொடர்ச்சிக்கு லிமிட்டும் f(0)-வும் ஒண்ணா இருக்கணும். இங்கன f(0) ஒண்ணுல்லா.”

பிள்ளையின் முகம் கறுத்தது. போன வருஷம் அவர் கேட்டது (sin x)/x. அதற்கு f(0) = 1 பொருத்தம். இந்த வருஷம் மேல்வரியை மாற்றியவர், கீழ்வரியை அப்படியே விட்டுவிட்டார்.

விடைத்தாளை வாங்கினார். ‘எப்சிலானை அரை என எடுக்கிறேன். எவ்வளவு சிறிய டெல்டா தந்தாலும், அதற்குள்ளும் அரைக்குள்ளும் பூஜ்யமல்லாத ஒரு x உண்டு. அங்கே |f(x)| ≤ |x| < 1/2. ஆகவே f(x), ஒன்றிலிருந்து அரைக்கு மேல் விலகி நிற்கும். தொடர்ச்சி இல்லை.’ அதன் கீழே, ‘f(0) = 0 என்பதே கேட்பவர் கருத்தானால்’ என்று தொடங்கி அதையும் நிறுவியிருந்தான். டெல்டாவை எப்சிலானுக்குச் சமமாக எடுத்துவிட்டு, x = 0 என்ற புள்ளியையும் மறக்காமல் தனியே சரிபார்த்திருந்தான். மரியாதையும் கெடவில்லை, கணக்கும் கெடவில்லை. எத்தனை தரம் படித்தாலும் சிவசைலத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

பிள்ளை தம் மாதிரி விடையைக் கிழித்துப் போட்டார்.

“இனி இவன் எழுதுனதுதான் மாதிரி. முழு மார்க் போடும். நம்ம கேள்வியை நம்பி ஏமாந்த பயலுவளுக்கு என்ன செய்யணும்னு போர்டுக்கு எழுதுதேன். தப்பு என்னுதுன்னும் எழுதுதேன்.”

பிள்ளையின் மேல் சிவசைலத்துக்கு இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. “நம்ம காலேஜ் பையனா இருக்குமோ, அண்ணாச்சி?” என்றார்.

“இருக்காது வே. என்கிட்ட படிச்சவனா இருந்தா, என் கேள்வி தப்புன்னு எழுத அவனுக்குத் தைரியம் வந்திருக்காது.”

சொல்லிவிட்டு, பிள்ளை பேனாவில் மை நிரப்பி எழுத உட்கார்ந்தார்.