சார்ட்டக்காவின் பன்னிரண்டு வாரம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சார்ட்டக்காவின் வேலையைக் கேட்டு ஒரு பெண் பஸ் டிப்போவுக்கு வந்தாள். அதுவும் நேராகச் சார்ட்டக்காவின் ஜன்னலுக்கே வந்து நின்றாள்.

"மேடம், டூட்டி சார்ட் போடற வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாமே? விண்ணப்பம் உங்ககிட்டதான் குடுக்கணுமா?"

"யார் சொன்னா?"

"வாசல் போர்டுல ஒட்டியிருக்கே."

சார்ட்டக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. 'நிரந்தரப் பணியிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே வேலைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மூன்றாவது வரியைப் படித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. 'அவசர விடுப்பு கேட்பவரிடம் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வண்டியை யார் எடுப்பது என்று முதலில் முடிவு செய்க.' அது அவள் எழுதிய வாக்கியம். தான் இல்லாத பன்னிரண்டு வாரம் தன் நாற்காலியைப் பார்த்துக்கொள்ளப்போகும் டிக்கெட் பிரிவுப் பெண்ணுக்காக, உட்கார்ந்து யோசித்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்த குறிப்பு. அதை அப்படியே அள்ளி விளம்பரத்தில் கொட்டியிருந்தார்கள். முற்றுப்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

நூற்று நாற்பது டிரைவர்களுக்கு யார் எந்த வண்டி, எத்தனை மணிக்கு, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று பதினோரு வருடமாகச் சார்ட் போடுகிறவள் அவள்; அதனாலேயே எல்லாருக்கும் சார்ட்டக்கா. மச்சான் கல்யாணம், மாமியார் கண் ஆபரேஷன், ஒன்றுமே இல்லாத வயிற்றுவலி என்று எல்லாருடைய விடுப்பும் அவள் கை வழியாகத்தான் போகும். அவள் தனக்கென்று கேட்டது இந்த ஒரு முறைதான். ஆறு வருடமாக, வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதி வந்த நாவலில் கடைசி மூன்று அத்தியாயம் பாக்கி. ஜூன் ஐந்துக்குள் முடித்துக் கொடுத்தால் போடுகிறோம் என்று ஒரு பதிப்பகம் எழுத்தில் சொல்லியிருந்தது. அதனால் சம்பளமில்லா விடுப்பு கேட்டாள்.

கேட்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு மாதம் முன்பே கொடுத்தாள். மார்ச் மூன்று, அதாவது வரும் திங்கள் முதல், மே இருபத்தைந்து வரை. மே இருபத்தாறு திங்கள், காலை ஆறு மணிக்கு இதே பணியில் சேருவேன். காரணம், புத்தகம் எழுதி முடிக்க. 'உடம்பு சரியில்லைன்னு போடேன், சுலபமா கிடைக்கும்' என்று பலர் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். நல்லா இருக்கிற உடம்பை எதற்கு நோயில் தள்ள வேண்டும்?

டிப்போ மேலாளருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் பிரேக்கு. எந்தக் காகிதமும் அவர் மேஜையில் வந்து நின்றுவிடும். "அனுமதி வந்துடுச்சும்மா, நிம்மதியா போ" என்று அவர் போன வாரமே வாயால் சொல்லியிருந்தார். கடிதம் எங்கே என்று கேட்டதற்கு, வரும் வரும் என்றார்.

இப்போது அவர் அறைக்குள் நுழைந்தவள் உட்காரவில்லை.

"என் வேலைக்கு ஆள் எடுக்கறீங்களா சார்?"

 பிரேக்கு இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். ஐந்து நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. விடுப்பு அனுமதிக்கப்பட்டதாம், திரும்பி வரும்போது காலியிடம் இருந்தால் பரிசீலிக்கப்படுமாம். தேதி எங்கேயும் இல்லை.

அவள் அங்கேயே நின்று தலைமை அலுவலகப் பணியாளர் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்த அதிகாரி அம்மா பொறுமையாகவே சொன்னார்.

"உங்க மேலாளர் கம்ப்யூட்டர்ல ஏத்தின விண்ணப்பத்துல திரும்பி வர்ற தேதி கட்டம் காலியா இருக்கும்மா. தேதி இல்லேன்னா எங்க விதிப்படி இடத்தைப் பிடிச்சு வெக்க முடியாது. காலின்னு அறிவிச்சிடுவோம்."

"நான் தேதி எழுதிக் குடுத்திருக்கேன் மேடம்."

"அப்படின்னா தப்பு தன்னோடதுன்னு மேலாளர் எழுத்துல குடுக்கணும். குடுத்தா திருத்திடலாம்."

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஏன் சார் விட்டீங்க?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. புத்தகம்கிறது இந்தத் தேதியில முடியும்னு சொல்ல முடியுமா? உன்னைத் தேதி போட்டு நெருக்க வேணாம்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, பேரும் புகழும் வந்தப்புறம் இந்த டீசல் நாத்தத்துக்கு யாராவது திரும்பி வருவாங்களா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருட்டுத்தனமாகச் செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. கருணை காட்டியிருக்கிறாராம்!

"நான் வரமாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனா? வருவேன்னு தேதி, கிழமை, மணியோட எழுதிக் குடுத்தேன். எனக்குப் பதிலா நீங்க எதுக்கு சார் நெனச்சீங்க?"

"சரி விடும்மா, கோவப்படாதே..."

"எழுதிக் குடுங்க. அது வர்ற வரைக்கும் நான் லீவுல போகல."

தன் தப்பு என்று மேலிடத்துக்கு எழுத அவருக்குக் கை வரவில்லை. திங்களும் போனது, செவ்வாயும் போனது. மீட்டிங் என்றார், தலைவலி என்றார். வீட்டிலும் நிம்மதியில்லை. "போனா போகுது, முழு நேரமா எழுத்தாளரா ஆயிடேன்" என்றார் வீட்டுக்காரர், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. அவர் மீதும் பாய்ந்தாள். வீடு பாதி அவள் சம்பளத்தில் நடக்கிறது என்பது ஒரு பக்கம். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும் என்பது யார் மண்டையிலும் ஏன் ஏறமாட்டேன் என்கிறது? நாவலே காலை ஆறு மணி வண்டியைப் பற்றியதுதான். புத்தகமும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். இதில் என்ன பேராசை?

தினமும் வேலைக்கு வந்தாள். தினமும் அவள் வேலையைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். "திருத்தம் வருது, கொஞ்சம் பொறுங்க" என்று ஒவ்வொருவரிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வாரம் திங்களன்று பதினேழாவது ஆள் வந்தபோது, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பிரேக்கின் அறைக்குள் போனாள்.

"இவருக்கு நீங்களே பதில் சொல்லுங்க சார்."

பிரேக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு காகிதத்தை இழுத்து எழுதினார். மூன்றே வரி.

மறுநாள் மாலை திருத்திய கடிதம் வந்தது. மே இருபத்தாறு, அதே பணி. போர்டில் இருந்த விளம்பரத்தை அவரே கிழித்தார்.

"உனக்கு ஒம்பது நாள் போயிடுச்சேம்மா" என்றார், குரல் இறங்கி. "திரும்பி வர்ற தேதியை ஒம்பது நாள் தள்ளி வெச்சுக்கலாம். ஜூன் நாலுன்னு போட்டுக்கறேன். அதுக்கும் நானே எழுதறேன்."

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஒன்பது நாள் என்றால் அரை அத்தியாயம்.

"வேணாம் சார். இப்ப தள்ளினா நீங்க நெனச்சதுதான் சரின்னு ஆயிடும். அந்த ஒம்பது நாளைத் தின்னது நீங்க. என் தூக்கத்துலேருந்து நான் எடுத்துக்கறேன்."

தன் இடத்துக்குப் போய், ஒரு புதுத் தாளில் கோடு போட்டாள். எந்தச் சார்ட்டையும் நான்கு வாரத்துக்கு மேல் முன்கூட்டிப் போடுவது அந்த டிப்போவில் வழக்கமில்லை. மே இருபத்தாறு, திங்கள் என்று தலைப்பு எழுதினாள். காலை ஆறு மணிக்கு நேரே முதல் பெயராகத் தன் பெயரை எழுதி, அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கேம்மா."

"இருக்கட்டும். கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார்.