கரடி வாயை மூடிய பிறகும்

ஒலிப்பதிவாளர் கணினி முன்னால் இருந்தார், சேனல் அதிகாரி சோபாவில். ஆங்கிலக் கார்ட்டூனுக்குத் தமிழில் வசனம் எழுதிய நான் கதவோர நாற்காலியில். கரடிக்குக் குரல் கொடுக்கும் அக்கா கண்ணாடிக்கு அப்பால், மைக் முன்னால்.

கார்ட்டூனில் கரடி வாசலில் சிக்கிக்கொண்டு பேசும். இரண்டு விநாடியில் தலையில் பானை விழும். அதற்குள் சிரிப்பு வந்துவிட வேண்டும். "வாசல் இளைச்சுப் போச்சுடா!" என்று எழுதியிருந்தேன். அக்கா ஒரே டேக்கில் முடித்தார். வாயசைவும் பொருந்தியது.

"இங்கிலீஷ்ல மழை, ஈரம்னு வருதே, அதெல்லாம் எங்கேம்மா?" என்ற அதிகாரி தாமே எழுதி நீட்டினார்: 'மழை ஈரத்தில் மரம் உப்பியதால் இந்த வாசல் குறுகிவிட்டது.'

ஏழு டேக் போனது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் ஒலிப்பதிவாளர் வேகத்தைக் கூட்டினார். அப்படியும் பானை விழுந்து, கரடி வாயை மூடிய பிறகும் பேச்சு ஓடியது.

"இப்ப பேசுறது கரடியா, பானையா?" என்று அக்கா கத்தினார்.

"சின்னப் பசங்கதானே பாக்கப் போறாங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் அதிகாரி.

"சிரிக்கத் தெரியும் சார்," என்றேன். "என் வரிய வைங்க. இல்லன்னா என் பேர எடுங்க."

"பேரெல்லாம் போட்டாச்சும்மா. நாளைக்குப் படம் டிவில போயிடும்."

வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டுடியோ வரவேற்பறையிலேயே உட்கார்ந்து சேனல் தலைவருக்கு எழுதினேன்: 'அந்த வரியை எழுதியவர் உங்கள் அதிகாரி. அவர் பெயரைப் போடுங்கள். என் பெயரை எடுங்கள்.' அக்காவும் கீழே கையெழுத்துப் போட்டார். உறையை ஒட்டி, இன்றே சேர வேண்டுமென்று கூரியர்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.