எல்லோரும் உயிரோடு இருந்தால்

திண்டுக்கல் புறவழிச்சாலையோரம் இருக்கிற அந்தத் தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவுக்கு நாற்பத்தெட்டுப் பேர் வந்துபோனார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டால்தான் அவர்களுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு. ஒரு தடவைக்கு ஒரு கிட் வேண்டும். வடிகட்டி, குழாய், ஊசி எல்லாம் சேர்ந்த பொட்டலம். கிட் இல்லை என்றால் மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லை.

அந்தக் கிட்டுகளுக்குப் பொறுப்பு ஸ்டோர்ஸ் தமிழ்மதி. மாதாமாதம் எத்தனை வாங்குவது என்று கணக்குப் போட ஒரு எக்செல் பைல் தயார் செய்யச் சொல்லியிருந்தார் மேனேஜர் மரியசெல்வம். செப்டம்பர் முழுக்க அதோடு மல்லுக்கட்டி முடித்தாள். கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் எழுதினாள். நாளைக்கு வேறொருத்தர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் திணறக்கூடாது என்பது அவள் எண்ணம்.

குறிப்பு ஒரே பக்கம்தான். மாதம் பிறந்ததும் போன மாதக் கடைசி இருப்பை இந்த மாத ஆரம்ப இருப்பாக எடுத்து வையுங்கள். நோயாளிகள் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏற்றுங்கள், வராமல் நின்றவர்களைப் பெயர் பார்த்து எடுத்துவிடுங்கள். செலவான கிட்டும் டயாலிசிஸ் பதிவேட்டில் உள்ள தடவைகளும் ஒத்துப்போக வேண்டும். பைல் காட்டும் இருப்பை வாரம் ஒருமுறை அலமாரியில் எண்ணிச் சரிபாருங்கள். ஆளுக்கு மாதம் ஒன்பது தடவை என்று வைத்திருக்கிறேன்.

மரியசெல்வம் படித்துவிட்டுத் தலையாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்தில் இருப்பைக் குறை, இருப்பைக் குறை என்று அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, மாசம் சராசரியா எத்தன பேரு நின்னுபோறாங்க?"

"மூணு பேரு சார். போன வருசப் பதிவேட்டுப்படி."

"அப்ப மூணு பேரக் கழிச்சிட்டுப் போடுங்க. வராதவங்களுக்கு எதுக்கு வாங்கி அடுக்கணும்? புதுசா யாரும் சேந்தா அவங்களுக்குத் தனியா வாங்கிக்கலாம்."

நின்றுபோகிறார்கள் என்பது ஆஸ்பத்திரிப் பேச்சு. டயாலிசிஸில் நின்றுபோனவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்மதி மூன்றைக் கழித்தாள். அவசரத்துக்கென ஐந்து கிட் சேர்த்தாள். குறிப்பில் ஒரு வரியும் எழுதினாள்: 'இந்தக் கணக்கு, மாதம் மூன்று பேர் இறந்துவிடுவார்கள் என்று வைத்துப் போட்டது. எல்லோரும் உயிரோடு இருந்தால் மாதக் கடைசியில் இருபத்திரண்டு கிட் குறையும்.'

"இத எடுத்திருங்கம்மா," என்றார் மரியசெல்வம். "மேல படிச்சா நல்லாருக்காது. 'தேவைச் சீரமைப்பு, மூன்று'ன்னு போடுங்க, போதும்."

எடுத்துவிட்டாள். வாதாடியிருக்கலாம். புது வேலை, வீட்டுக் கடன், அவரவர்க்கு அவரவர் பாடு.

அக்டோபர் பிறந்தது. பாதி மாதம் போனது. இருபதாம் தேதி அலமாரியை எண்ணிவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தாள். நாற்பத்தெட்டும் அப்படியே இருந்தது. ஒருவரும் சாகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவளோ கால்குலேட்டரை எடுத்துக் கடைசி நாட்களுக்கு எத்தனை குறையும் என்று தட்டினாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மேனேஜரிடம் ஓடினாள். "சார், இந்த மாசம் யாரும் நிக்கல. கடைசி ரெண்டு நாளுக்குப் பத்தாது. இப்பவே ஆர்டர் போட்டுரலாம். முப்பத்தொண்ணு தீபாவளி, லாரி சர்வீஸ் எல்லாம் மூடிருவான்."

மரியசெல்வம் காலண்டரைப் பார்த்தார். "இன்னும் பத்து நாளு இருக்குல்லம்மா," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் ஆர்டர் அன்றைக்குப் போகவில்லை. இருபத்தெட்டாம் தேதி போனது. கம்பெனிக்காரன் தீபாவளி கழிந்து திங்கட்கிழமை தருகிறேன் என்றுவிட்டான்.

கடைசி இரண்டு நாளுக்கு முப்பத்திரண்டு பேர். கையிருப்பு பத்து கிட். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் மோசமான பத்துப் பேரைப் பொறுக்கினார். மதுரைக்குப் போக வசதியுள்ளவர்களை அங்கே அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களையும், வெள்ளி சனிக்கு வரவேண்டியவர்களையும் திங்கட்கிழமை வரச் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் இஷாக் என்னால் முடியாது என்று உள்ளே போய்விட்டான். அந்த வேலை தமிழ்மதி தலையில் விழுந்தது.

சிறுமலைத் தங்கமுத்து தீபாவளியன்று முதல் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, மலைவாழைத் தோட்டக்காரர். எப்போதும் முதல் மெஷின் கேட்பார், மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பார். ஆள் பார்க்கத் தெம்பாக இருந்தார். அதுதான் அவருக்கு வினையாகிப்போனது. பக்கத்தில் மனைவி அய்யம்மாள்.

"கிட் வரலண்ணே. திங்கக்கெழம வாங்க."

"போன திங்கக்கெழம பண்ணுனது தாயி. முழுசா ஏழு நாளு ஆயிருமே," என்றார் அவர்.

"தண்ணியக் கொறச்சுக்கங்க. மூச்சுத் தெணறுனா ஒடனே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க."

"மலையில ராத்திரி மூச்சுத் தெணறுனா எந்தப் பஸ்ஸு தாயி வரும்?" என்று கேட்டாள் அய்யம்மாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். தமிழ்மதி பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே திங்கட்கிழமை என்று குறித்தாள். செத்த நேரம் பார்த்துவிட்டு இருவரும் எழுந்து போனார்கள்.

சனிக்கிழமை இரவு மூச்சு முட்டியது. தெரிந்தவருடைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். மலைப்பாதை இறங்கி முடிவதற்குள் தங்கமுத்து முடிந்துபோனார். திங்கட்கிழமை காலை கிட் வந்த அதே நேரத்தில் அய்யம்மாளின் தம்பி போன் செய்து, மாமாவுக்கு இனிமேல் நேரம் ஒதுக்க வேண்டாம் என்று தகவல் சொன்னான்.

நவம்பர் கணக்கை எடுத்தாக வேண்டும். தான் எழுதிய குறிப்பின்படியே தமிழ்மதி செய்தாள். கடைசி இருப்பு பூஜ்யம், அதை ஆரம்ப இருப்பாக வைத்தாள். பட்டியலில் தங்கமுத்து பெயரைப் பார்த்து எடுத்தாள். நாற்பத்தேழு என்று மாறியது. 'தேவைச் சீரமைப்பு' கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதில் பாதி தன்மேல்.

மரியசெல்வம் திரையைப் பார்த்தார். "எதுக்கும்மா பூஜ்யம்?"

"எல்லாரும் இருப்பாங்கன்னு வச்சிருக்கேன் சார்."

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா மேல கேப்பாங்க. சராசரி சராசரிதானே." குனிந்து அவரே மவுஸைப் பிடித்து மூன்று என்று மாற்றினார்.

தமிழ்மதி பட்டியலைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். "அப்ப யாரு யாருன்னு சொல்லுங்க சார். பேரு பாத்துத்தான் எடுக்கணும்."

நாற்பத்தேழு பெயரும் வரிசையாக இருந்தன. மேலிருந்து நாலைந்து பெயர்கள் வரை அவர் கண் இறங்கியது. அங்கேயே நின்றது.

"அந்த வரிய வேணும்னா குறிப்புல திரும்பப் போட்டுக்கங்க," என்றார் கடைசியில். "நான் எடுக்கச் சொல்லமாட்டேன். மூணு இருக்கட்டும்."

அவர் போன பிறகு அந்த வரியைத் தட்டினாள். எல்லோரும் உயிரோடு இருந்தால் என்று ஆரம்பித்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலை வரிசை உட்கார்ந்திருந்தது. காலில் வீக்கத்தோடு அங்காளம்மாள், துண்டைப் போர்த்திக்கொண்டு சௌகத் அலி, தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர். யாருக்கு வீக்கம் அதிகம், யாருக்கு முகம் வெளுத்திருக்கிறது என்று தன் கண் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு போவதைத் தமிழ்மதி அப்போதுதான் கவனித்தாள். இரண்டு பேரை அது ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது.