நாற்பத்தோராவது நிமிடத்துக் குரல்

காலையில் நடந்த வாராந்தரக் கூட்டம் ஒரு மணி நேரம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அதை முப்பத்திரண்டு பக்கமாகக் கக்கியிருந்தது. அதில் ஐந்து பக்கம் புது நாற்காலி போடும் கிறீச் சத்தத்தைப் பற்றி. மருத்துவமனைகளுக்கு முன்பதிவுச் செயலி செய்யும் அந்த அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு முடிவுப் பட்டியலுக்கு மூன்று கட்டம் போட்டாள்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்.

போன வாரம் பொறுப்புக் கட்டத்தில் ‘குழு’ என்று எழுதித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டாள். குழு என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். நினைவூட்டல் செய்தியை யாரும் சோதிக்கவில்லை; அது நானூறு நோயாளிகளுக்கு இரண்டிரண்டு தடவை போய்விட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, பட்டியலை வேற யாராவது போடட்டும்" என்றார் மேலாளர். அவளுக்குச் சுருக்கென்றது. இந்தச் சிக்கெடுக்கும் வேலை அவளுக்கு உயிர்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் செயலியின் புதுப் பதிப்பு வெளியீடு வியாழன் என்றார்கள். ஐம்பதாம் நிமிடத்தில் திங்கள் என்று மாற்றினார்கள். வியாழனை அடித்தாள். ‘அடுத்த வாரம்’ என்று மழுப்பிய வடிவமைப்பாளரைப் பிடித்துத் தேதி வாங்கினாள். ‘யாராவது பாருங்கப்பா’ என்பதெல்லாம் முடிவே இல்லை, விட்டுவிட்டாள்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் மாட்டிக்கொண்டாள். ‘செய்திச் சோதனைய நான் பாத்துக்கறேன், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள.’ பேசியவர்: கூட்ட அறை. ஒரே மைக் முன்னால் நான்கு பேர் உட்கார்ந்தால் மென்பொருள் பாவம் என்ன செய்யும்? மணி மூன்றரை ஆகிவிட்டது.

ஓயாமல் பேசுவதால் ‘வானொலி’ என்று பெயர் வாங்கிய நிரலரிடம் போனாள். "நீங்கதானே சொன்னீங்க?"

"சத்தியமா நான் இல்லம்மா. நாற்காலியத் தவிர வேற எதையும் நான் பேசல."

மேலாளரும் ‘நான் இல்லை’ என்றார், வடிவமைப்பாளரும் அதையே சொன்னார். எல்லோரும் நழுவுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊகித்து ஒரு பெயரைப் போட்டுவிடவும் மனம் வரவில்லை. ஒலிப்பதிவை ஓடவிட்டாள். பிஸ்கட் நொறுங்கும் சத்தம். அதை மென்றுகொண்டே ஒரு குரல்: "நான் பாத்துக்கறேன்."

அவளுடைய குரல்!

எட்டிப் பார்த்த வானொலி விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

உடனே உட்கார்ந்து சோதித்தாள். தன் கைபேசிக்கே ஒரு செய்தி அனுப்பினாள், இரண்டு வந்தன. பழைய அனுப்பும் நேரத்தை நீக்காமலே புதியதைச் சேர்த்திருந்தார்கள். வானொலி வாயை மூடிக்கொண்டு பழையதை நீக்கினார். மறுபடி அனுப்பினாள். ஒன்றே ஒன்று வந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பட்டியல் போனது. மொத்தம் ஏழு வரி. முதல் வரியில் அவள் பெயர், இன்றைய தேதி, பக்கத்தில் ‘முடிந்தது’.

வானொலி அதற்குள் ஒலிபரப்பிவிட்டார் போலும். மேலாளரின் பதில் சட்டென்று வந்தது: "அடுத்த வாரமும் நீங்களே போடுங்க. பிஸ்கட் மட்டும் கூட்டம் முடிஞ்சப்புறம்."